மேசையில் கியூஆர் இருக்கிறது, மெனு வரவில்லை: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஓட்டல்காரர்களிடமிருந்து வரும் புகார் எப்போதும் ஒன்றே ஒன்றுதான்: "ஸ்கேன் ஆகல தம்பி." கட்டத்தைக் கேமரா படிக்காவிட்டாலும் அதுதான். படித்த பிறகு பக்கம் திறக்காவிட்டாலும் அதுதான். திறந்த மெனுவில் தோசைக்குப் பதில் ஏதோ ஆங்கில எழுத்து வந்தாலும் அதுதான். கிருஷ்ணகிரியில் டிசைன், பிரிண்டிங் வேலை பார்க்கிறவன் என்ற முறையில், அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் குறைந்தது ஏழு விதமான பழுதைப் பார்த்துவிட்டேன். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே ஓட்டலில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்தவை. பெங்களூரு போகும் நெடுஞ்சாலை ஓரம், பதினெட்டு மேசை, மதியம் ராகி களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் தேடி வண்டிகள் நிற்கும் இடம். இதில் வரும் உதாரணமெல்லாம் அங்கே நடந்ததுதான்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. போன் கேமராவைக் கட்டத்தின் மேல் காட்டுங்கள், ஆனால் தொடாதீர்கள். திரையில் ஒரு சின்னப் பட்டையில் முகவரி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வரவில்லை என்றால் பழுது காகிதத்தில்: அச்சு, அளவு, நிறம், வெளிச்சம். வந்தால் கட்டத்தின் வேலை முடிந்தது, ஸ்டிக்கரை மாற்றுவதில் ஒரு பயனும் இல்லை. அடுத்து அந்த முகவரியை அப்படியே படித்துப் பாருங்கள். உங்களுடைய முகவரிதானா, வேறு யாருடையதா? அதன் பிறகுதான் தொட வேண்டும். தொட்ட பிறகு வரும் பழுது எல்லாம் முகவரியிலோ கோப்பிலோ இருக்கிறது. இந்த மூன்றையும் பிரிக்காமல் எல்லா ஸ்டிக்கரையும் மறுபடி அச்சடித்து, பழுதையும் புது ஸ்டிக்கரில் சேர்த்தே அச்சடித்தவர்களை எனக்குத் தெரியும். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன்.

## ஒரு மேசையில் மட்டும் படிக்கவில்லை

மெனு பார்க்க மட்டும் என்றால் எல்லா மேசையிலும் ஒரே கட்டம்தான் ஒட்டியிருப்பீர்கள். அப்படியானால் பதினேழு மேசையில் படித்து ஏழாம் மேசையில் மட்டும் படிக்கவில்லை என்றால், கோப்பைத் திறக்கவே வேண்டாம். பழுது அந்த மேசையில் இருக்கிறது. (மேசை எண்ணையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் செய்திருந்தால் கதை வேறு. அந்த ஒன்றை உருவாக்கும்போது முகவரியில் ஒரு எழுத்து தவறியிருக்கலாம். பட்டையில் வரும் முகவரியைப் பக்கத்து மேசையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.)

அங்கே ஏழாம் மேசைக்கு நேர் மேலே ஒரு டியூப் லைட். ஸ்டிக்கருக்குப் பளபளப்பான லேமினேஷன். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் கட்டத்தின் நடுவில் வெள்ளைக் கோடு ஒன்று குறுக்கே ஓடுகிறது, அது லைட்டின் பிம்பம். உள்ளங்கையை ஸ்டிக்கருக்கு மேலே குடை மாதிரி பிடித்தேன், உடனே படித்துவிட்டது. இதுதான் சோதனை: கையால் நிழல் கொடுத்ததும் படித்தால் பளபளப்புதான் காரணம். மேட் லேமினேஷனுக்கு மாற்றினால் முடிந்தது. அன்றைக்கு அவசரத்துக்கு மேசையை ஒரு முழம் தள்ளிப் போட்டோம்.

மூன்றாம் மேசையில் ஸ்டிக்கர் மேல் சாம்பார் மஞ்சள் ஊறியிருந்தது. முதலாளி அதைத்தான் காட்டினார். ஆனால் மஞ்சள் கறை பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. கேமராவுக்கு வேண்டியது எது வெளிர், எது கறுப்பு என்ற வித்தியாசம் மட்டும்தான். மஞ்சள் அதன் கண்ணுக்கு வெளிர்தான். உண்மையான குற்றவாளி கறையைத் தேய்த்த ஸ்டீல் நார். கட்டத்தின் ஒரு மூலையில் இருந்த பெரிய சதுரம் பாதி உரிந்து போயிருந்தது. மூன்று மூலைகளில் இருக்கும் அந்தச் சதுரங்களை வைத்துத்தான் போன் "இது கியூஆர்" என்றே கண்டுபிடிக்கிறது. நடுவில் கொஞ்சம் சேதமானால் பிழைதிருத்தும் கணக்கு காப்பாற்றும். மூலைச் சதுரம் போனால் அந்தக் கணக்கு தொடங்கவே தொடங்காது. ஸ்டிக்கரை மாற்றியதோடு, மேசை துடைக்கிற பையனிடம் துணி மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

## சில போனில் படிக்கிறது, சில போனில் இல்லை

இது எல்லா மேசையிலும் இருந்தால் டிசைனில்தான் கை வைக்க வேண்டும். அந்த ஓட்டலின் முதல் ஸ்டிக்கர் பார்வைக்கு நன்றாகவே இருந்தது: மெரூன் பின்னணி, அதன்மேல் கிரீம் நிறத்தில் கட்டம், நடுவில் மாம்பழ லோகோ. அளவு இரண்டரை சென்டிமீட்டர். இதில் மூன்று தவறு சேர்ந்திருந்தது. ஒவ்வொன்றையும் தனியாகத் தாங்கியிருக்கும், மூன்றும் சேர்ந்ததும் பழைய போன்கள் கைவிட்டுவிட்டன.

முதலாவது நிறம். கியூஆர் என்றால் வெளிர் தரையில் கறுப்புக் கட்டம். தலைகீழாகப் போட்டால் புதிய போன்கள் பெரும்பாலும் படிக்கும், பழையவை பல படிக்காது. மெரூன் வேண்டுமென்றால் கட்டத்தை மெரூனாக்கி, தரையை வெள்ளையாக விடுங்கள். சுற்றிலும் வெள்ளை ஓரமும் வேண்டும். கட்டத்தில் உள்ள சின்னச் சதுரம் ஒன்றின் அகலத்தைப் போல நான்கு மடங்கு, நான்கு பக்கமும். டிசைனர்கள் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று முதலில் வெட்டுவது இந்த ஓரத்தைத்தான். எங்கே கட்டம் முடிகிறது, எங்கே அலங்காரம் தொடங்குகிறது என்று போனுக்குத் தெரிவதே அந்த வெள்ளையால்தான்.

இரண்டாவது முகவரியின் நீளம். இதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் என் அனுபவத்தில் இதுதான் பெரிய காரணம். உள்ளே அடைக்கும் எழுத்துகள் கூடக் கூட சதுரங்களின் எண்ணிக்கை கூடும். அவர்கள் கூகுள் டிரைவிலிருந்து எடுத்த லிங்க்கை அப்படியே அடைத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், 82 எழுத்து. லோகோ வைப்பதற்காகப் பிழைதிருத்த அளவை உச்சத்தில், அதாவது H-இல் வைத்திருந்தார்கள். 82 எழுத்துக்கு அந்த அளவில் 49-க்கு 49 கட்டம் வேண்டும். ஓரத்தையும் சேர்த்தால் அகலத்தில் 57 சதுரம். இரண்டரை சென்டிமீட்டரை 57-ஆல் வகுத்தால் ஒரு சதுரம் 0.44 மில்லிமீட்டர். உள்ளூர் டிஜிட்டல் அச்சில் மை லேசாகப் பரவினாலே பக்கத்துச் சதுரத்தோடு ஒட்டிவிடும்.

இப்போது அதே ஸ்டிக்கரில் இந்த மாதிரிச் சின்ன முகவரியை அடைத்துப் பாருங்கள்:

```
https://example.in/m
```

இருபதே எழுத்து. பிழைதிருத்தத்தை H-க்கு ஒரு படி கீழே உள்ள Q அளவில் வைத்தாலும் 25-க்கு 25 கட்டம் போதும். ஓரத்தோடு 33. ஒரு சதுரம் 0.76 மில்லிமீட்டர். ஸ்டிக்கரைப் பெரிதாக்காமலேயே புள்ளி ஒன்றே முக்கால் மடங்கு பெரிதாகிவிட்டது. நாங்கள் அதோடு ஸ்டிக்கரையும் மூன்றரை சென்டிமீட்டராக்கினோம். மேசையில் உட்கார்ந்தபடி முப்பது, முப்பத்தைந்து சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பிடிப்பார்கள். தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் என்று வைத்துக்கொண்டால் தவறாது.

மூன்றாவது லோகோ. H அளவில் ஏறத்தாழ 30 விழுக்காடு சேதத்தைத் தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, கட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மாம்பழத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். அந்தத் தாங்கும் சக்தி கீறலுக்கும் கறைக்கும் வைத்தது. அதை முழுக்க மாம்பழமே தின்றுவிட்டால் மேசையில் விழும் முதல் கீறலுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. மாம்பழத்தைக் கட்டத்துக்கு வெளியே, தலைப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம். முதலாளிக்கு மனசில்லை, ஆனால் ஒத்துக்கொண்டார்.

## படிக்கிறது, ஆனால் "செல்லாத கியூஆர்" என்கிறது

இது நம் ஊரின் தனிப் பழுது. கியூஆர் என்றாலே பணம் கட்ட என்று கை பழகிவிட்டதால், பாதிப்பேர் கேமராவைத் திறப்பதில்லை, பணம் அனுப்பும் செயலியைத் திறக்கிறார்கள். அந்தச் செயலி எதிர்பார்ப்பது `upi://pay` என்று தொடங்கும் வரி. நம் கட்டத்தில் இருப்பதோ `https://`. செயலி அதை ஒதுக்கிவிடுகிறது. கட்டத்திலும் தவறில்லை, செயலியிலும் தவறில்லை.

அந்த ஓட்டலில் மெனு கட்டத்தையும் பணம் கட்டும் கட்டத்தையும் ஒரே அக்ரிலிக் ஸ்டாண்டில் முன்னும் பின்னுமாக ஒட்டியிருந்தார்கள். ஒருவர் மெனு பார்க்கிறேன் என்று நினைத்துப் பணம் அனுப்பும் பக்கத்துக்கே போய்விட்டாராம். பணக் கட்டத்தைக் கல்லாவுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். மெனு ஸ்டிக்கரில் கட்டத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் "மெனு பார்க்க: போன் கேமராவில் காட்டவும்" என்று போட்டோம். நெடுஞ்சாலையில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களும் வருவதால் ஒரு கேமரா படத்தையும் சேர்த்தோம். அதற்குப் பிறகு இந்தப் புகார் ஏறக்குறைய நின்றுவிட்டது.

## முதலாளி போனில் வருகிறது, வாடிக்கையாளர் போனில் `Request access` கேட்கிறது

"நம்ம போன்ல வருதே" என்று எந்த முதலாளி சொன்னாலும் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். டிரைவில் கோப்பை ஏற்றியவர் அவர். அவர் போன் அதே கணக்கில் நுழைந்திருக்கிறது. அதனால் அவருக்கு மட்டும் கதவு திறந்தே இருக்கும். வாடிக்கையாளருக்குப் பூட்டு.

சோதித்துப் பார்க்க வேறு போன் தேட வேண்டாம், பிரவுசரில் மறைநிலை ஜன்னலைத் திறந்து முகவரியைத் தட்டினால் போதும். சரிசெய்ய டிரைவில் அந்தக் கோப்பின் `Share`-க்குப் போய், `General access` என்ற இடத்தில் `Restricted` இருப்பதை `Anyone with the link` ஆக்குங்கள். பக்கத்தில் `Viewer` என்று இருக்க வேண்டும். அங்கே `Editor` இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். சாப்பிட வந்தவர் கையில் உங்கள் மெனுவை மாற்றும் சாவியைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

## நேற்று வரை வந்தது, இன்று வேறு ஏதோ பக்கம் வருகிறது

இதற்குத்தான் பட்டையில் வரும் முகவரியைப் படிக்கச் சொன்னேன். அந்த ஓட்டலில் இரண்டாவது தடவை கட்டம் செய்தது முதலாளியின் அக்கா மகன். இலவசமாகக் கியூஆர் செய்து தரும் ஒரு தளத்தில் செய்தான். சில தளங்கள் உங்கள் முகவரியைக் கட்டத்தில் அடைப்பதில்லை. தங்களுடைய ஒரு சின்ன முகவரியை அடைத்து, அங்கிருந்து உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடும். இலவசக் காலம் முடிந்ததும் திருப்புவதை நிறுத்திவிட்டு, சந்தா கட்டச் சொல்லும் பக்கத்தைக் காட்டும். இரண்டு வாரத்தில் பதினெட்டு ஸ்டிக்கரும் ஒரே நேரத்தில் செத்தன.

இதற்கு மருந்து இல்லை. சந்தா கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டிக்கரை மாற்ற வேண்டும். அச்சான கட்டத்துக்குள் இருக்கும் முகவரியை யாராலும் மாற்ற முடியாது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் கண்டுபிடிப்பது சுலபம்: கட்டத்தைக் கேமராவில் காட்டும்போது வரும் முகவரி, நீங்கள் கொடுத்த முகவரியாகவே இருக்கிறதா என்று பாருங்கள். வேறு பெயர் வந்தால் அந்தக் கட்டம் வாடகை வீடு.

திருப்பிவிடுவது கெட்ட விஷயம் இல்லை, அது நம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓட்டல் பெயரில் சொந்த முகவரி வாங்கி, கட்டத்தில் `/m` வரை மட்டும் அடையுங்கள். அங்கிருந்து உண்மையான கோப்புக்கு நாமே திருப்பிவிடலாம். அப்பாச்சி சர்வரில் `.htaccess` கோப்பில் ஒரே வரி:

```
Redirect 302 /m /menu-14.pdf
```

இதில் 302 என்பதைக் கவனியுங்கள். 301 என்று போட்டால் "இது நிரந்தர மாற்றம்" என்று போன் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த மாதம் நீங்கள் வேறு கோப்புக்குத் திருப்பினாலும், ஒருமுறை வந்தவரின் போன் நம் சர்வரைக் கேட்காமலேயே பழைய கோப்புக்குப் போகலாம். இங்கிருந்துதான் அடுத்த பழுது தொடங்குகிறது.

## விலையை மாற்றினோம், பழைய விலையே வருகிறது

மட்டன் பிரியாணி 220-இலிருந்து 240 ஆனது. மேசையில் இருந்தவர் போனில் 220, பில்லில் 240. கல்லாவில் வாக்குவாதம். முதலாளி தன் போனில் காட்டினார், அதில் 240. இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

டிரைவ் லிங்க் வைத்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது, விலை மாற்றியவர் எப்படி மாற்றினார் என்பது. பழைய கோப்பை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றினால், புதியதற்கு வேறு லிங்க். கட்டம் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். பழையதை அழித்துவிட்டால் கட்டம் எதையும் காட்டாது. கோப்பின் பெயர் ஒன்றாக இருப்பதில் பலன் இல்லை, டிரைவ் பெயரைப் பார்ப்பதில்லை. கணினியில் டிரைவைத் திறந்து, பழைய கோப்பின் மேலேயே `Manage versions` போய் `Upload new version` கொடுங்கள். லிங்க் மாறாது, உள்ளே இருப்பது மட்டும் மாறும்.

சொந்த முகவரி வைத்திருந்தால் தவறு எதிர்ப்பக்கம் நடக்கும்: அதே `menu.pdf` பெயரிலேயே புதியதை ஏற்றிவிடுவோம். அடிக்கடி வருகிறவர் போன் அந்தப் பெயரில் ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பதையே எடுத்துக் காட்டலாம். அதனால் ஒவ்வொரு தடவையும் எண்ணை ஏற்றிப் புதுப் பெயர் கொடுங்கள், `menu-14.pdf`-க்குப் பிறகு `menu-15.pdf`. மேலே சொன்ன ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும்.

அந்த வாடிக்கையாளர் கதை இரண்டிலும் சேராதது. அவர் போனில் மெனு திறப்பதில்லை, இறங்குகிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் பிடிஎஃப் அப்படித்தான். போன மாதம் வந்தபோது இறங்கிய கோப்பு டவுன்லோடில் கிடந்தது. இந்த முறை கட்டத்தைக் காட்டவே இல்லை, அதையே திறந்து பார்த்துவிட்டு ஆர்டர் சொல்லிவிட்டார். இதை எந்த சர்வராலும் தடுக்க முடியாது. முதல் பக்கத்தின் தலையில் "இந்த விலை இன்ன தேதி முதல்" என்று போடத் தொடங்கினோம். வாக்குவாதம் வந்தால் தேதியைக் காட்டலாம். ஆனால் அன்றைக்கு முதலாளி இருபது ரூபாயை விட்டுக்கொடுத்துவிட்டார், அதுதான் சரி.

மாம்பழ மில்க்ஷேக் மாதிரி சீசன் அயிட்டம் இருந்தால் இந்த வேலை வருஷத்துக்கு நாலைந்து தடவை வரும். அதற்காகவே இதைச் சுலபமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

## சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது

இரண்டு புகாரும் ஒரே வேரில் முளைத்தவை. அச்சு மெனுவுக்குச் செய்த கோப்பையே போனுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கோப்பு 41 எம்பி. கேமராவிலிருந்து வந்த படங்கள் குறையாமல் அப்படியே உள்ளே. ஓட்டலின் பின்பக்க அறையில் சிக்னல் மெலிந்து நொடிக்கு 2 மெகாபிட் கிடைக்கிறது என்று வையுங்கள். 41 எம்பி என்றால் 328 மெகாபிட், 164 நொடி. கிட்டத்தட்ட மூன்று நிமிடம். அதற்குள் சப்ளையர் தண்ணீர் வைத்து, "என்ன சார் சாப்பிடுறீங்க" என்று கேட்டு, வாயாலேயே மெனு சொல்லி முடித்துவிடுவார்.

எழுத்தளவின் கணக்கும் அப்படித்தான். ஏ4 பக்கம் 210 மில்லிமீட்டர் அகலம். கையில் இருக்கும் போன் திரை 68 மில்லிமீட்டர் சொச்சம். மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்போது 11 பாயிண்ட் எழுத்து மூன்றரை பாயிண்ட் ஆகிறது. மாத்திரை அட்டையில் கூட அதைவிடப் பெரிதாக எழுதுகிறார்கள்.

அன்றைக்கு உடனே செய்யக்கூடியது எடையைக் குறைப்பது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் இருந்தால்:

```
gs -sDEVICE=pdfwrite -dPDFSETTINGS=/ebook -dNOPAUSE -dBATCH -sOutputFile=menu-s.pdf menu.pdf
```

இது படங்களை 150 டிபிஐ அளவுக்கு இறக்கும். ஏ4 கோப்புக்குப் போதுமானது. நிலையான தீர்வு போனுக்கென்று தனியாக ஒரு கோப்பு. பக்கம் 90-க்கு 160 மில்லிமீட்டர், ஒரே பத்தி, எழுத்து 12 பாயிண்ட்டுக்குக் குறையாமல். படங்களை முன்கூட்டியே 1080 பிக்சல் அகலத்துக்கு வெட்டி வைத்துவிட்டுச் சேருங்கள். இந்தச் சின்னப் பக்கத்துக்கு மேலே உள்ள கட்டளையைப் போடாதீர்கள்: 90 மில்லிமீட்டரில் 150 டிபிஐ என்றால் 530 பிக்சல்தான் மிஞ்சும், படம் மங்கிவிடும். இருபத்தாறு படத்தில் ஆறை மட்டும் வைத்தோம். 1.4 எம்பி ஆனது, அதே மெலிந்த சிக்னலில் ஆறு நொடி. இட்லிக்குப் படம் எதற்கு?

## தோசை இருக்க வேண்டிய இடத்தில் `Njhir` வருகிறது

பார்த்தவுடன் புரிந்துவிட்டது: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. நம் பக்கத்தில் பல பிரிண்டிங் கடைகளில் கோரல்டிராவில் இன்னும் பாமினியில்தான் அடிக்கிறார்கள். பாமினியில் `Njhir` என்று தட்டினால் தோசை தெரியும். உண்மையில் கோப்பில் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான், மேலே பாமினி போர்த்திய போர்வை. கோப்போடு எழுத்துருவைச் சேர்க்காமல் அனுப்பினால், அடித்தவர் கணினியில் போர்வை இருப்பதால் தமிழாகத் தெரியும், வாடிக்கையாளர் போனில் போர்வை இல்லை.

சில தலைப்புகள் மட்டும் தமிழில் சரியாக இருந்து மற்றவை கெட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அந்தத் தலைப்புகளை டிசைனர் அலங்காரத்துக்காகக் கோடுகளாக மாற்றியிருப்பார். உறுதி செய்ய, பாப்ளர் கருவிகளோடு வரும் இந்தக் கட்டளை:

```
pdffonts menu.pdf
```

வரும் பட்டியலில் `emb` என்ற பத்தியைப் பாருங்கள். ஏதாவது ஒரு வரியில் `no` இருந்தால் அந்த எழுத்துரு கோப்புக்குள் இல்லை. பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருக்களைச் சேர்க்கும் தேர்வை இயக்குங்கள், அல்லது எல்லா எழுத்தையும் கோடுகளாக மாற்றிவிடுங்கள். அன்று மதியமே மெனு சரியாகத் தெரியும்.

ஆனாலும் அது பாதிப் பரிகாரம்தான். எழுத்துருவைச் சேர்த்த பிறகும் உள்ளே இருப்பது `Njhir`. யாராவது மெனுவில் தோசை என்று தேடினால் கிடைக்காது. பார்வையற்ற ஒருவரின் போன் அதை வாசித்தால் அர்த்தமில்லாத ஒலி வரும். கோடுகளாக மாற்றினால் வாசிக்க எழுத்தே இருக்காது. அதனால் போன் கோப்பையாவது நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு யூனிகோடு எழுத்துருவில் அடித்துவிடுவதே நல்லது. முழு மெனுவையும் மறுபடி அடிக்க ஒரு பொழுது ஆனது.

யூனிகோடுக்கு மாறும்போது வேறொரு தொல்லை வரலாம். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும், நடுநடுவே புள்ளி வட்டம் முளைக்கும். கோப்பு கெடவில்லை, டிசைன் மென்பொருள் இந்திய எழுத்துகளைக் கோக்கும் முறையில் இல்லை. இன்டிசைனில் பத்தி அமைப்பில் `World-Ready Paragraph Composer` என்பதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும்.

## எல்லாம் சரி, ஒரே ஒருவர் போனில் மட்டும் வரவில்லை

பழைய போனாக இருந்தால் கேமராவில் கியூஆர் படிக்கும் வசதியே இருக்காது. இடம் நிரம்பிய போனில் கோப்பு இறங்காது. சார்ஜ் இரண்டு விழுக்காடாக இருக்கலாம். அவர் பசியோடு வந்திருக்கிறார், போனைப் பழுதுபார்க்க வரவில்லை. கல்லாவுக்குக் கீழே நான்கு அச்சு மெனு கார்டு எப்போதும் இருக்கட்டும், ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அந்த ஓட்டலில் இருந்த நான்கு கார்டிலும் மட்டன் பிரியாணி இன்னும் 220 என்றுதான் இருந்தது. பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.